ரீல் போட்டு 52 நாளாச்சு, பேசுன காசு வரல. எப்படிக் கேட்டு எழுதுறது?

குடியாத்தம்_அடுப்படி | அக்டோபர் 3, 2025, காலை 11:10

எல்லாருக்கும் வணக்கம். இன்ஸ்டாவுல சமையல் பக்கம் வச்சிருக்கேன். ஜூலை கடைசியில சென்னையில இருக்கிற ஒரு செக்கு எண்ணெய் பிராண்ட்ல இருந்து பேசுனாங்க. ஒரு ரீல் 18,000, ரெண்டு ஸ்டோரி 6,000, மொத்தம் 24,000. அட்வான்ஸ் கிடையாது. "நேரலையான நாளிலிருந்து 30 நாளில் பணம்"னு மெயில்லயே எழுதியிருந்தாங்க. நானும் "சம்மதம்"னு பதில் போட்டேன்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிட்டு வந்து, அவங்க கடலை எண்ணெயில தொக்கு செஞ்சு, ஆகஸ்ட் 12 ரீல் போட்டேன். மறுநாள் இன்வாய்ஸை வாட்ஸப்ல அனுப்பினேன். கெடு செப்டம்பர் 11. இன்னிக்கு அக்டோபர் 3.

இதுவரைக்கும் ஒன்பது தடவை கேட்டிருக்கேன். "ஹாய் மேம், பேமென்ட் எப்போ வரும், ப்ளீஸ் கொஞ்சம் பாருங்க" இதான் நான் போடுற மெசேஜ். "ப்ராசஸ்ல இருக்கு டியர்"னு நாலு தடவை பதில் வந்துச்சு. செப்டம்பர் 20க்கு அப்புறம் போட்டதெல்லாம் ஒத்த டிக்கோட நிக்குது. ஆயுத பூஜை லீவு முடியட்டும்னு பொறுத்தேன், இன்னிக்கும் அதே ஒத்த டிக்.

அடுத்த மெசேஜ் எப்படி எழுதணும்னு சொல்லுங்க. கடுமையா எழுதினா அடுத்த வேலை வராது. தன்மையா எழுதினா பணம் வராது போலிருக்கு.

---

காட்பாடி_ஜங்ஷன் | பகல் 11:32

இன்னாக்கா நீங்க, இன்னும் மேம் மேம்னு கெஞ்சிக்கினு இருக்கீங்க? ரீலைத் தூக்குங்க. தூக்கிட்டு ஸ்டோரியில அவங்க பேரைப் போட்டு "52 நாளா ஏமாத்துறாங்க"ன்னு எழுதுங்க. சாயங்காலத்துக்குள்ள போன் வரும். அப்படியும் வரலன்னா சிறு தொழில்களைப் பதியுற அரசோட உத்யம் தளத்துல பதிவு பண்ணிட்டு அரசுகிட்ட புகார் கொடுங்க. சிறு தொழில்காரங்களுக்கு 45 நாளைக்குள்ள பணம் தந்தே ஆகணும்னு சட்டம் இருக்கு.

---

மக்கன்பேடா | பகல் 12:05

சிஸ்டர், எனக்கும் இதே பிரச்சினை. 100 டாலர் சேர்ந்தாத்தான் விடுவான். அதுக்கு முன்னாடி தபால்ல ஒரு பின் நம்பர் வரும், அதைப் போடணும். எங்க தெருவுல போஸ்ட்மேன் ரெண்டு தடவை திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. அட்ரஸ் சரியா இருக்கான்னு பாருங்க.

---

குடியாத்தம்_அடுப்படி | பகல் 12:11

அண்ணா, நீங்க சொல்றது யூடியூப் விளம்பர வருமானம். இது பிராண்ட் நேரா தர வேண்டிய காசு. 😅

---

வவுச்சர்_ஆம்பூர் | பகல் 1:40

ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில 14 வருஷமா பில் பாஸ் பண்ற வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்றேம்மா. நாலு கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

1. இன்வாய்ஸ் அந்த மேடத்தோட வாட்ஸப்புக்கு மட்டும்தான் போச்சா, மெயில்லயும் போச்சா?
2. பிடிஎஃப்பா, போட்டோவா?
3. யார் பேருக்குப் போட்டீங்க? பிராண்ட் பேருக்கா, கம்பெனி பேருக்கா?
4. உங்க பக்கம் யார் பேரு? சேனல் பேரா, பான் கார்டுல இருக்கிற பேரா?

ரீலை இப்போ தொடாதீங்க. காரணம் அப்புறம் சொல்றேன்.

---

குடியாத்தம்_அடுப்படி | பகல் 2:02

வாட்ஸப் மட்டும்தான் சார். ஒரு ஆப்ல செஞ்சு போட்டோவா அனுப்பினேன். பிராண்ட் பேருக்குத்தான் போட்டேன், எண்ணெய் பாட்டில்ல முன்னாடி இருக்கிற பேரு. என் பக்கம் சேனல் பேரு. பேங்க் கணக்கு என் சொந்தப் பேர்ல இருக்கு.

---

வவுச்சர்_ஆம்பூர் | பகல் 2:45

நினைச்சேன். உங்க இன்வாய்ஸ் அக்கவுண்ட்ஸ் பக்கமே போயிருக்காதும்மா.

கம்பெனிக்குள்ள நடக்கிறது இதுதான். உங்ககிட்ட பேசினவங்க மார்க்கெட்டிங். பணம் அனுப்புறது அக்கவுண்ட்ஸ். மார்க்கெட்டிங்காரங்க "வேலை முடிஞ்சது, பில்லை எடுத்துக்கலாம்"னு எழுதிக் கொடுத்து, பில் அக்கவுண்ட்ஸ் மெயிலுக்கு வந்து, நாங்க அதைக் கணக்குல ஏத்தணும். ஏத்தினாத்தான் கம்பெனிக்கு உங்ககிட்ட கடன் இருக்குன்னே எங்க சிஸ்டத்துக்குத் தெரியும். ஏத்தாத பில்லுக்கு நீங்க ஒன்பது தடவை இல்ல, தொண்ணூறு தடவை கேட்டாலும் எங்க பட்டியல்ல உங்க பேர் வராது. "ப்ராசஸ்ல இருக்கு"ன்னு சொன்னவங்க பொய் சொல்லணும்னு சொன்னாங்களான்னு தெரியாது. போனுக்கு வந்த போட்டோவை இன்னொருத்தருக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு மறந்திருக்கலாம். 20ஆம் தேதியிலிருந்து ஒத்த டிக்னா வேலையை விட்டுட்டு கம்பெனி போனைக் கொடுத்துட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

அதனால "எப்போ வரும்"னு கேட்காதீங்க. அந்தக் கேள்விக்கு "சீக்கிரம்"னு ஒரு வார்த்தையில பதில் சொல்லி முடிச்சிடலாம். பில் கணக்குல ஏறிடுச்சா? ஏறலைன்னா எது குறையுது? ஏறியிருந்தா எந்தத் தேதி பேமென்ட் லிஸ்ட்ல இருக்கு? இந்த மூணையும் கேளுங்க. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற எவனாலயும் இதுக்கு மழுப்ப முடியாது, சிஸ்டத்தைத் திறந்து பார்த்தே ஆகணும்.

அடுத்து பில். பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. உணவுப் பொருள்ல பிராண்ட் உரிமையாளர் பேர், விலாசம் போட்டே ஆகணும். அங்க இருக்கிறதுதான் கம்பெனியோட சட்டப்பூர்வமான பேர். பில்லை அந்தப் பேருக்குப் போடுங்க. உங்க பக்கம் பான் கார்டுல இருக்கிற பேர், கீழ சேனல் பேர். ஜிஎஸ்டி பதிவு இல்லைன்னா 18 சதவீதம்னு ஒரு வரி கூடப் போடக் கூடாது, "டேக்ஸ் இன்வாய்ஸ்"னு தலைப்பும் வேண்டாம், வெறும் "இன்வாய்ஸ்" போதும்.

முக்கியமா ஒண்ணு. புதுத் தேதி போட்டு புது பில் அனுப்பிடாதீங்க. அனுப்பினா 30 நாளை மறுபடியும் இன்னிக்கிலிருந்து எண்ணுவாங்க. பழைய நம்பர், பழைய தேதி அப்படியே இருக்கட்டும், மேல "திருத்திய பிரதி"ன்னு எழுதி இன்னிக்குத் தேதியைப் பக்கத்துல போடுங்க.

---

குடியாத்தம்_அடுப்படி | மாலை 4:20

பாட்டிலை எடுத்துப் பார்த்தேன் சார். பாதி எண்ணெய் இன்னும் இருக்கு. லேபிள் ஓரமெல்லாம் என் கைவிரல் பட்டு எண்ணெய் ஊறிப்போய், எழுத்து பழுப்பா தெரியுது. ஆமா, பின்னாடி வேற பேருதான் இருக்கு! ஏதோ ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட். இந்தப் பேரை நான் இன்னிக்குத்தான் படிக்கிறேன். கஸ்டமர் கேர் மெயிலும் இருக்கு.

---

ராணிப்பேட்டை_சரக்கு | மாலை 5:15

நான் பிராண்ட் பக்கம். சின்ன அளவுல சிறுதானிய மாவு விக்கிறேன், மாசம் ஒண்ணு ரெண்டு பேருக்கு ப்ரமோஷன் கொடுக்கிறேன். திட்டுங்க, பரவாயில்ல. ஆனா பாதிப் பேர் அனுப்புற பில்லை வச்சுக்கிட்டு என் ஆடிட்டர்கிட்ட நிக்க முடியாது. ஜிபே நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதான் இன்வாய்ஸ்ங்கறாங்க.

வவுச்சர் சார் சொன்னதுல ஒண்ணை ஒத்துக்க மாட்டேன். சரியான பில் என் கைக்கு வந்த நாளிலிருந்துதான் 30 நாள். தப்பான பேருக்கு வந்த பில் என்னைப் பொறுத்தவரை வராத பில். அப்புறம் ரீச்சும் பார்க்கணும். ரெண்டாயிரம் வியூக்கு 18,000 எப்படித் தர்றது?

---

வவுச்சர்_ஆம்பூர் | மாலை 5:50

மெயில்ல என்ன எழுதியிருக்கோ அதுதான் சார் கணக்கு. "பில் கிடைத்த 30 நாளில்"னு இருந்தா நீங்க சொல்றது சரி. இந்தப் பொண்ணுக்கு "நேரலையான நாளிலிருந்து"ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. பில்லுல குறை இருந்தா ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பணும், 50 நாள் கழிச்சுச் சொல்றது நியாயமில்ல. ரீச்சுக்கும் இதே பதில்தான். இத்தனை வியூ வரணும்னு மெயில்ல பேசலைன்னா, வேலை ரீல் போடுறது வரைக்கும்தான்.

---

ராணிப்பேட்டை_சரக்கு | மாலை 5:58

நியாயம் வேற, ஆடிட்டர் வேற சார்.

---

பாலாறு_ட்ரோன் | இரவு 8:30

என் கதையையும் சொல்றேன், யாருக்காவது உதவும். போன வருஷம் ஏலகிரியில ஒரு ரிசார்ட்டுக்கு ட்ரோன் வீடியோ தொடர். நடுவுல ஒரு ஏஜென்சி. பேசுனது 80,000. மூணு மாசம் இழுத்தாங்க. "பிராண்ட் எங்களுக்கே தரல, வந்ததும் தர்றோம்"னு ஒரே பாட்டு. ஆகஸ்ட்ல வருமான வரிக் கணக்குக்காக, என் பேர்ல யார் எவ்வளவு வரி பிடிச்சாங்கன்னு காட்டுற 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தா, அந்த ஏஜென்சி பேர்ல ஜூன் 30 தேதியிட்டு 8,000 டிடிஎஸ் நிக்குது! அதாவது என் பில்லைக் கணக்குல ஏத்தி, வரியும் பிடிச்சு, அரசுக்குக் கட்டிட்டாங்க. எனக்குத்தான் தரல. அந்தப் பக்கத்தை அப்படியே இணைச்சு, "என் பில்லை ஜூன் 30 அன்று உங்கள் கணக்கில் ஏற்றியிருக்கிறீர்கள், மீதி 72,000 எப்போது?"ன்னு ரெண்டே வரி எழுதினேன். ஒன்பதாம் நாள் வந்துச்சு.

அக்கா, நீங்களும் 26ஏஎஸ் பாருங்க.

---

வவுச்சர்_ஆம்பூர் | இரவு 9:05

அருமை தம்பி. டிடிஎஸ் பணம் கொடுக்கும்போதுதான் பிடிக்கணும்னு இல்ல, கணக்குல ஏத்தும்போதே பிடிச்சாகணும். ரெண்டுல எது முன்னாடியோ அது. அதான் உங்களுக்கு மாட்டிச்சு. காலாண்டுக் கணக்கு ஜூலை 31க்குள்ள போட்டிருப்பாங்க, ஆகஸ்ட்ல உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஆனா அடுப்படிக்கு இது உதவாது. தொழில்முறைக் கட்டணத்துக்கு இந்த ஏப்ரல்லருந்து வருஷத்துக்கு 50,000 தாண்டினாத்தான் பிடிக்கணும். 24,000க்கு அங்க எதுவும் தெரியாது. தெரியலைங்கறதால பில் ஏறலைன்னு முடிவு கட்டவும் முடியாது.

காட்பாடி தம்பி சொன்ன உத்யம் பாதி சரி. பதிவு இலவசம், சேவை செய்யறவங்களும் செய்யலாம், எழுதிக்கொண்ட கெடு எப்படி இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்துல எதுவும் இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதம் மாதிரி மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. இப்போ விகிதம் 5.75, அப்போ 24,000க்கு மாசம் 345 ரூபா மாதிரி வரும். அந்த வட்டியில ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கலாம். கம்பெனிக்காரன் பயப்படுறது வட்டிக்கு இல்ல. பதிவான சிறு தொழிலுக்குக் கெடு தாண்டியும் தராத காசை, கொடுக்கிற வருஷத்துலதான் செலவாக் காட்ட முடியும். மார்ச் நெருங்கினா ஆடிட்டரே போன் போட்டுக் கேப்பாரு.

சிக்கல் என்னன்னா, இந்தப் பொண்ணு வேலை செஞ்சப்போ பதிவு இல்ல. வேலை முடிஞ்சப்புறம் பதிஞ்சா பழைய பாக்கிக்குச் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 2021ல சொல்லிச்சு. இந்த வருஷம் ஜனவரியில இன்னொரு அமர்வு அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கு. அதனால அடுத்த வேலைக்காக இன்னிக்கே பதிஞ்சு வைங்கம்மா. இந்த 24,000க்கு அதைச் சொல்லி மிரட்டாதீங்க. அவங்க ஆடிட்டருக்கு விஷயம் தெரிஞ்சிருந்தா உங்க கடிதமே லேசாயிடும்.

---

காட்பாடி_ஜங்ஷன் | இரவு 9:20

சரி சார், ரீலைத் தூக்கக் கூடாதுன்னீங்களே, அது ஏன்? அதானே கையில இருக்கிற ஒரே பிடி?

---

வவுச்சர்_ஆம்பூர் | இரவு 9:48

அம்மா, ரீல் எத்தனை நாள் இருக்கணும்னு மெயில்ல இருக்கா?

---

குடியாத்தம்_அடுப்படி | இரவு 9:55

இருக்கு சார். "குறைந்தது 90 நாள் நீக்கக் கூடாது. பிராண்ட் 30 நாள் விளம்பரமாக ஓட்டிக்கொள்ளலாம்." என் ரீலை அவங்க விளம்பரமா ஓட்ட அனுமதி தர்ற கோட் ஒண்ணு கேட்டாங்க, எடுத்துக் கொடுத்தேன்.

---

வவுச்சர்_ஆம்பூர் | இரவு 10:10

பார்த்தீங்களா. 52ஆம் நாள் தூக்கினா ஒப்பந்தத்தை மீறினது நீங்களாயிடுவீங்க. தராததுக்கு அவங்களுக்கு ஒரு காரணத்தைத் தட்டுல வச்சுக் கொடுத்த மாதிரி. பேர் போட்டு ஸ்டோரி எழுதுறதும் அப்படித்தான், "ஏமாத்துறாங்க"ங்கற ஒரு வார்த்தைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும், பேச்சு அங்க திரும்பிடும்.

ஆனா அந்த 30 நாள் விளம்பரம் சுவாரசியமா இருக்கே. ஃபேஸ்புக், இன்ஸ்டாவுல ஓடுற விளம்பரமெல்லாம் தெரியுற facebook.com/ads/library போய், நாடு இந்தியான்னு வச்சு, பிராண்ட் பேரைத் தேடுங்க.

---

குடியாத்தம்_அடுப்படி | இரவு 10:31

ஐயோ. ஓடிட்டிருக்கு சார்! என் தொக்குதான். ஆகஸ்ட் 12 தொடங்கினதுன்னு போட்டிருக்கு. செப்டம்பர் 11ஓட நிறுத்தியிருக்கணும். என் முகத்தை வச்சு இன்னும் எண்ணெய் வித்துட்டிருக்காங்க, எனக்கு "டியர்".

---

வவுச்சர்_ஆம்பூர் | அக்டோபர் 4, காலை 7:15

தேதி தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. அந்த வாட்ஸப் உரையாடல்ல மறையும் மெசேஜ் போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா இப்பவே எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க.

இதையும் பாக்கிப் பணத்தையும் ஒரே மெயில்ல கலக்காதீங்க. கலந்தா "விளம்பர விஷயம் சட்டப் பிரிவுக்குப் போயிருக்கு"ன்னு சொல்லி 24,000ஐயும் சேர்த்து நிறுத்துவாங்க. மெயில்ல ஒரு வரி மட்டும் சொல்லி வைங்க, பேச்சு அப்புறம். பழைய ஒப்பந்த மெயில் இழையிலேயே "ரிப்ளை ஆல்" போட்டு, கஸ்டமர் கேர் மெயிலையும் சேர்த்து, இப்படி எழுதுங்க:

> பொருள்: இன்வாய்ஸ் எண் 07, ரூ. 24,000, கெடு செப்டம்பர் 11 அன்று முடிந்தது
>
> கணக்குப் பிரிவுக்கு வணக்கம்.
>
> கீழே உள்ள ஜூலை மாத மெயிலில் ஒப்புக்கொண்டபடி, ஆகஸ்ட் 12 அன்று ஒரு ரீலும் இரண்டு ஸ்டோரிகளும் வெளியிட்டேன். ரீலின் இணைப்பும் ஸ்டோரிகளின் படங்களும் இணைத்துள்ளேன். ஆகஸ்ட் 13 அன்று உங்கள் மார்க்கெட்டிங் பிரிவுக்கு அனுப்பிய இன்வாய்ஸின் திருத்திய பிரதி, பான் நகல், ரத்து செய்த காசோலை ஆகியவையும் உள்ளன. நேரலையான நாளிலிருந்து 30 நாள் என்ற கெடு செப்டம்பர் 11 அன்று முடிந்தது.
>
> இந்த இன்வாய்ஸ் உங்கள் கணக்கில் ஏறியுள்ளதா? இல்லையெனில் எந்த ஆவணம் தேவை? ஏறியிருந்தால் எந்தத் தேதியில் பணம் அனுப்பப்படும்? அக்டோபர் 8, புதன்கிழமைக்குள் பதில் வேண்டுகிறேன். பணம் அனுப்பியதும் யுடிஆர் எண்ணைத் தெரிவிக்கவும்.
>
> ரீலை விளம்பரமாகப் பயன்படுத்தும் காலம் குறித்துத் தனியாக எழுதுகிறேன்.

"தயவுசெய்து", "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" ரெண்டும் வேண்டாம். வணக்கம் போட்டாச்சு, மரியாதை அதுலயே இருக்கு. அனுப்புறது திங்கள் காலையில. சனிக்கிழமை மெயில் அடியில போயிடும்.

---

மக்கன்பேடா | காலை 9:40

இதைக் காப்பி பண்ணி கூகுளுக்கு அனுப்பலாமா சார்?

---

குடியாத்தம்_அடுப்படி | அக்டோபர் 7, மாலை 3:25

நேத்து காலை 10:20க்கு அனுப்பினேன். இன்னிக்கு அக்கவுண்ட்ஸ்ல ஒரு சார் பதில் போட்டிருக்காரு. அப்படியே சொல்றேன்: "இந்த இன்வாய்ஸ் எங்களுக்கு இதுவரை வரவில்லை. இதைக் கையாண்டவர் பணியில் இல்லை. இணைத்துள்ள வெண்டர் படிவத்தை நிரப்பி அனுப்பவும். மார்க்கெட்டிங் ஒப்புதல் கேட்டுள்ளோம். ஒப்புதல் வந்தால் 15ஆம் தேதி பட்டியலில் சேர்ப்போம்."

52 நாள் நான் கேட்டுட்டிருந்தது யார்கிட்டன்னே தெரியல. படிவத்தை ஒரு மணி நேரத்துல நிரப்பி அனுப்பிட்டேன்.

---

ராணிப்பேட்டை_சரக்கு | மாலை 4:00

பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல. பில் வரல.

---

காட்பாடி_ஜங்ஷன் | மாலை 4:03

கேக்குறவங்களுக்கு "ப்ராசஸ்ல இருக்கு"ன்னு சொன்னது யாரு சார்? அதுவும் அந்தக் கம்பெனி ஆளுதானே?

---

குடியாத்தம்_அடுப்படி | அக்டோபர் 17, காலை 10:05

15ஆம் தேதி மாலை 18,000 வந்துச்சு. யுடிஆரும் அனுப்பினாங்க. முதல்ல அந்த எஸ்எம்எஸ்ஸை நம்பாம பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்தேன்.

ஸ்டோரிக்கான 6,000 நிறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டுக்கும் இன்சைட்ஸ் படம் கேக்குறாங்க. ஒண்ணு ஆர்க்கைவ்ல இருந்து எடுத்துக் கொடுத்துட்டேன். இன்னொண்ணுல கூப்பன் கோட்ல ஒரு எழுத்து தப்பா போட்டுட்டு, உடனே அழிச்சுட்டு மறுபடி போட்டேன். மறுபடி போட்டதுக்குத்தான் எண்ணிக்கை இருக்கு, அது கம்மி. அதை அனுப்பியிருக்கேன். ஒத்துப்பாங்களான்னு தெரியல, தீபாவளி கழிச்சு அடுத்த பட்டியல்ல பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

விளம்பரம் இன்னும் ஓடுது சார். அதுக்கு எவ்வளவு பில் போடலாம்?

---

வவுச்சர்_ஆம்பூர் | காலை 11:30

பில் போட முடியாதும்மா. விலை பேசாத ஒண்ணுக்கு எந்த அக்கவுண்ட்ஸும் பில் ஏத்தாது. "30 நாள் செப்டம்பர் 11ல் முடிந்தது, இன்று வரை ஓடுகிறது, படம் இணைப்பு. மூன்று நாளில் நிறுத்துங்கள், அல்லது தொடர மாதத்துக்கு இவ்வளவு, முடிந்த நாட்களுக்கும் சேர்த்து"ன்னு மார்க்கெட்டிங்குக்குத் தனியா எழுதுங்க. தொகையை நீங்கதான் முடிவு பண்ணணும். பதில் இல்லைன்னா அந்த போஸ்ட்டுக்குக் கொடுத்த விளம்பர அனுமதியைத் திரும்ப எடுங்க. ரீல் அதே இடத்துல இருக்கட்டும், நவம்பர் 10 வரைக்கும்.

---

பாலாறு_ட்ரோன் | காலை 11:52

சார், 6,000 வர்றதுக்கு முன்னாடி இதை அனுப்பலாமா? அதையும் நிறுத்திட்டா?

---

ராணிப்பேட்டை_சரக்கு | பகல் 12:10

நிறுத்துவாங்க. நானா இருந்தா நிறுத்துவேன், மனசாரச் சொல்றேன்.

---

வவுச்சர்_ஆம்பூர் | பகல் 12:40

காத்திருந்தா ஒவ்வொரு நாளும் இலவசமா ஓட்டுறாங்க. அனுப்பினா 6,000 இழுக்கலாம். எது பெருசுன்னு அடுப்படிதான் பார்க்கணும். நானா இருந்தா அனுப்புவேன்.

---

குடியாத்தம்_அடுப்படி | இரவு 9:15

அனுப்பிட்டேன். மாசத்துக்கு 5,000னு போட்டேன், கை நடுங்கிச்சு. உத்யம் பதிவும் மதியமே முடிச்சாச்சு, ஆதாரும் பானும் வச்சு கால் மணி நேரம்தான் ஆச்சு. இப்போ அதிரசத்துக்கு மாவு இடிக்கப் போறேன். பொரிக்கிறது வேற கம்பெனி எண்ணெயில.